சட்டையைவிட பினஃபோரின் உள்துணியை முதலில் பாருங்கள்

வாசகர் கடிதம்:

"பாறசாலை பக்கத்தில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே தனியார் பள்ளி, ஒரே வெள்ளைச் சட்டைத் துணி. மகளுக்கு அதன் மேல் கருநீலப் பினஃபோரும் பெல்ட்டும், மகனுக்குக் கருநீல நிக்கர். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து மகளுக்கு முதுகிலும் இடுப்பைச் சுற்றியும் வேர்க்குரு. சாயங்காலம் பினஃபோரைக் கழற்றினால் முதுகு நனைந்திருக்கும். மகனுக்கு அவ்வளவு இல்லை. கடைக்காரர் 'நல்ல டெரிகாட்டன், வருஷம் முழுக்க உழைக்கும்' என்கிறார். பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் சில பேர் நூறு சதவீதம் காட்டன் கேட்டோம். ஒருவர் லினன் என்றார். தலைமையாசிரியை, 'காட்டன் மழையில் காயாது, கரிம்பன் பிடிக்கும், இஸ்திரி நிற்காது' என்று சொல்லிவிட்டார். என் மாமியார் சிந்தெட்டிக் துணி பிள்ளைக்கு அலர்ஜி என்கிறார். அடுத்த கூட்டத்தில் நான் என்ன கேட்கட்டும்? எல்லாத் துணியிலும் ஒரு வெட்டுத் துண்டு அனுப்பியிருக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கான விடை, மகனைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. இருவரும் ஒரே சட்டைத் துணியைப் போடுகிறார்கள், ஒரே ஊரின் புழுக்கத்தில் ஒரே மாதிரி வகுப்பறையில் உட்காருகிறார்கள். சட்டைத் துணிதான் முழுக் காரணம் என்றால் மகனுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வந்திருக்க வேண்டும். அதோடு, மகளுக்கு வேர்க்குரு வருகிற இடங்களைப் பாருங்கள். முதுகு, இடுப்பு. பினஃபோர் மூடுகிற இடமும் பெல்ட் இறுக்குகிற இடமும் அவைதான். அதனால் நீங்கள் அனுப்பிய துண்டுகளில் பினஃபோரைத்தான் நான் முதலில் எடுத்தேன். துணிப் பரிசோதனைக் கூடத்தில் செய்கிற அளவீடுகளில் முக்கியமான ஒன்றை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம் என்பதால், அதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

துண்டுகள் சொன்ன கணக்கு

துணியைப் பத்து செ.மீ. நீளம், பத்து செ.மீ. அகலம் என்று சதுரமாக வெட்டி எடை போட வேண்டும். வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கிடைக்கும். துணிக்கடையில் ஜிஎஸ்எம் என்று சொல்வது இதைத்தான். நகைக்கடைத் தராசு போலப் புள்ளிக்குப் பிறகும் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். அது இல்லையென்றால் பெரிய துண்டாக எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சட்டைத் துணி 122 வந்தது. பள்ளிச் சட்டைக்கு இது நடுத்தரம், மோசம் என்று சொல்ல முடியாது. பினஃபோரின் வெளித்துணி 248. அதன் உள்ளே வைத்துத் தைத்த வழவழப்பான லைனிங் 85. மகள் உள்ளே போடும் பருத்தி ஸ்லிப் 140. ஆக, அவள் முதுகின் மேல் நான்கு அடுக்கு, மொத்தம் சதுர மீட்டருக்கு 595 கிராம் கனம். மகனின் முதுகில் பனியனும் சட்டையும் மட்டும்தான். பனியனையும் அதே 140 என்று வைத்தால் 262. தம்பியைவிட அக்காவுக்கு இரண்டு மடங்குக்கும் மேலான துணி.

கனத்தைவிடப் பெரிய பிரச்சினை அந்த லைனிங்தான். அது முழுக்க பாலியஸ்டர், நூல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக நெய்யப்பட்டவை. துணியை உதட்டோடு இறுக்கிப் பிடித்து ஊதிப் பாருங்கள். சட்டைத் துணியில் மூச்சு மறுபக்கம் போவது கையில் தெரியும். லைனிங்கில் கன்னம் உப்பும், காற்று போகாது. அதாவது சட்டைக்குள் உருவாகும் ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல், முதுகுக்கும் லைனிங்குக்கும் நடுவில் நாள் முழுக்கத் தேங்குகிறது. தோல் அப்படி ஊறிக்கொண்டே இருந்தால் வியர்வைக் குழாயின் வாய் அடைபடும். அடைபட்ட வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து தடிப்பதுதான் வேர்க்குரு.

ஆகவே சட்டையை மட்டும் முழுப் பருத்தியாக மாற்றி, இதே பினஃபோரை மேலே மாட்டினால் பெரிய வித்தியாசம் இருக்காது. பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் உறிஞ்சியதை விட இடம் இருக்காது. நனைந்த பருத்தி முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாகக்கூடத் தோன்றலாம்.

பருத்தி உறிஞ்சும் என்பதன் எல்லை

பருத்தியைப் பற்றி நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை பெரும்பாலும் சரியானதுதான். ஆனால் உங்கள் ஊருக்கு அதில் ஒரு திருத்தம் தேவை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் அறையில் வைத்தால், நூறு கிராம் காய்ந்த பருத்தி சுமார் எட்டு கிராம் ஈரத்தைத் தானாகவே இழுத்து வைத்துக்கொள்ளும். லினன் சுமார் 12 கிராம். பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை. இதனால்தான் வறண்ட வெயிலில் பருத்தி உடம்புக்கு அவ்வளவு சுகமாக இருக்கிறது. தோலிலிருந்து எழும் ஆவியை, அது வியர்வைத் துளியாக மாறுவதற்கு முன்பே துணி வாங்கிக்கொள்கிறது.

பாறசாலையில் ஜூன் மழையிலும், பிறகு ஐப்பசி மழையிலும் காற்றே ஈரமாக இருக்கிறது. கொடியில் காய்ந்து கிடக்கும்போதே பருத்தி தன் பங்கு ஈரத்தில் பெரும்பகுதியை வாங்கி முடித்துவிடுகிறது. பிள்ளை போட்ட பிறகு அதனால் கூடுதலாக வாங்க முடிவது சில கிராம்தான். விளையாட்டு பீரியடில் வரும் வியர்வை அதைவிடப் பல மடங்கு. அதற்குப் பிறகு குளிர்ச்சி தருவது நூலின் வகை அல்ல, துணிக்கும் தோலுக்கும் நடுவே நடமாடும் காற்று. மெல்லிய, இடைவெளி உள்ள நெசவு, உடம்பை ஒட்டாத தளர்வான தையல், குறைந்த அடுக்கு ஆகிய மூன்றும்தான் அந்தக் காற்றைத் தரும். நெருக்கமாக நெய்த கனமான முழுப் பருத்தித் துணியைவிட, மெல்லிய கலப்புத் துணி புழுக்கத்தில் சுகமாக இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுப் பாலியஸ்டரே போதும் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். பாலியஸ்டர் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துவைக்கும், துவைத்த பிறகும் அக்குளில் வாடை நிற்கும். விளையாட்டு ஜெர்சியும் பாலியஸ்டர்தானே என்று கேட்பார்கள். ஜெர்சி துளைத்துளையாகப் பின்னப்பட்டது, வியர்வையைப் பரப்பி உலரவைக்கும்படி அதற்கான நூலில் செய்தது. சாதாரண சீருடைத் துணிக்கு அந்தக் குணம் கிடையாது.

உங்களிடம் இருப்பது என்ன துணி

சட்டைத் துண்டை எரித்துப் பார்த்தோம். காகிதம் எரியும் வாசனை வந்தது, சாம்பலில் கறுப்பாக, நசுக்க முடியாத மணிகள் தட்டுப்பட்டன. முழுப் பருத்தியென்றால் விரலில் தேய்த்ததும் தூளாகும் மென்மையான சாம்பல்தான் மிஞ்சும். முழுப் பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கட்டியாகிவிடும். உங்களுடையது இரண்டும் கலந்தது. வீட்டில் செய்வதானால் நாலைந்து நூலை மட்டும் உருவி இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது பெரியவர்கள் செய்யுங்கள். உருகிய சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும்.

எரிப்பதால் கலப்பு என்று தெரியுமே தவிர, எவ்வளவு கலப்பு என்று தெரியாது. அதற்குப் பரிசோதனைக் கூடத்தில் கந்தக அமிலத்தில் பருத்தியைக் கரைத்து, கரையாமல் நிற்கும் பாலியஸ்டரை எடை போடுவோம். உங்கள் சட்டையில் பாலியஸ்டர் மூன்றில் இரண்டு பங்கு. கடைகளில் 65/35 என்று சொல்வது இதுதான், முதல் எண் பெரும்பாலும் பாலியஸ்டரைக் குறிக்கும். பினஃபோரின் வெளித்துணியில் பருத்தியே இல்லை. அது பாலியஸ்டரும், மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் இழையும். கடைக்காரர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லாக் கலப்புத் துணியையும் டெரிகாட்டன் என்று சொல்லும் வழக்கம் கடைவீதியில் இருக்கிறது. நீங்கள் பெயரைக் கேட்காமல், தானின் ஓரக்கரையில் அச்சடித்த கலப்பு விகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தலைமையாசிரியை சொன்னதும் லினனும்

அவர் சொன்ன மூன்றும் உண்மை. அதை ஒப்புக்கொண்டு பேசினால் கூட்டம் நல்லபடி நகரும். பருத்தி இழை தண்ணீரை உள்ளேயே வாங்கிக்கொள்வதால் பிழிந்த பிறகும் நிறைய ஈரம் நிற்கும். இரண்டு நாள் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை அந்த இழையையே தின்று கரும்புள்ளி போடும், வெள்ளைச் சட்டையில் அது போகவே போகாது. லினனுக்கும் இதே கதிதான், அதுவும் செடியிலிருந்து வரும் நார். பாலியஸ்டர் இழையைப் பூஞ்சையால் தின்ன முடியாது.

இங்கே நான் கவலைப்படுவது இரண்டே செட் உடுப்பு வைத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி. துவைக்கும் இயந்திரத்தில் சுழற்றிப் பிழிந்து ஃபேன் அடியில் போட முடிந்தவர்களுக்கு முழுப் பருத்தி சரிப்படும். கையால் பிழிந்து திண்ணையில் உலர்த்துபவர்களுக்கு, நூறு சதவீதம் காட்டன் கட்டாயம் என்றால் மூன்றாவது செட் வாங்கும் செலவு வரும், அல்லது பிள்ளை ஈரச்சட்டையோடு பள்ளிக்குப் போகும். ஈரச்சட்டை வேர்க்குருவோடு படர்தாமரையையும் கொண்டுவரும். உங்கள் நல்ல எண்ணம் அந்தப் பிள்ளைக்குத் தொல்லையாகிவிடக் கூடாது.

லினனைச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. விறைப்பாக நிற்பதால் முதுகில் ஒட்டாது, காற்று தாராளமாகப் போகும், பருத்தியைவிடச் சீக்கிரம் உலரும். புழுக்கத்துக்கு மூன்றிலும் அதுதான் சிறந்தது. ஆனால் பள்ளிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நார் அதிகம் நீளாது, வளையாது. காலரை ஒரே மடிப்பில் தினமும் இஸ்திரி போட்டால் அந்தக் கோட்டிலேயே நார் முறிந்து விரியும். உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும், கசங்கலைப் பார்த்து ஆசிரியர் கண்டிப்பார். மூலநாரில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாவதால் விலையும் பருத்தியைவிட நன்றாகக் கூடுதல். பல வருடம் உழைக்கும் துணிதான், ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரே வருடத்தில் அந்த அளவைத் தாண்டிவிடுவானே. அதோடு கடையில் குறைந்த விலைக்கு லினன் என்று கிடைப்பதில் பல, லினன் போலத் தோன்றும்படி கரடுமுரடான நூலில் நெய்த பாலியஸ்டர் கலப்பு.

கூட்டத்தில் கேட்க வேண்டியது

முதல் கோரிக்கை பினஃபோர். லைனிங்கை எடுத்துவிட வேண்டும், வெளித்துணி 200 ஜிஎஸ்எம்முக்குள் இருக்க வேண்டும், பெல்ட் கட்டாயமாக இருக்கக் கூடாது. 190 கனத்தில் லைனிங் இல்லாத பினஃபோரும், 110 கனச் சட்டையும், அதே ஸ்லிப்பும் என்றால் மொத்தம் 440. இப்போதைய 595-ஐவிடக் கால்பங்கு குறைவு. காற்று போகாத அடுக்கும் முழுதாகப் போய்விடும். பினஃபோருக்குப் பதில் ஸ்கர்ட் என்று பள்ளி ஒப்புக்கொண்டால் முதுகில் ஸ்லிப்பும் சட்டையும் மட்டும்தான், கணக்கு 250-க்கு வந்துவிடும். பினஃபோரோ ஸ்கர்ட்டோ, துணி பாலியஸ்டர் விஸ்கோஸ் கலப்பே இருக்கட்டும். மடிப்பு நிற்கும், கருநீலம் வெளுக்காது, இடுப்புக்குக் கீழே காற்று தானாகவே உள்ளே போய்வரும். விஸ்கோஸ் பங்கு ஈரத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

சட்டைக்கு, பருத்தி 60, பாலியஸ்டர் 40 கலந்த சாதா நெசவு பாப்ளின், 105 முதல் 115 கனத்துக்குள். கடையில் இதைச் சிவிசி என்பார்கள். 60 எது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இது வேண்டாம், முழுப் பருத்திதான் போடுவோம் என்கிற வீட்டாருக்கு அதே கனத்தில் முழுப் பருத்திக்கு அனுமதி கேளுங்கள். வெள்ளைக்கு வெள்ளை நாலடி தூரத்தில் பேதம் தெரியாது, அதனால் சட்டையில் இரண்டு துணியை அனுமதிப்பது பள்ளிக்கு எளிது. கருநீலத்தில் அப்படி முடியாது. வேறு வேறு இழை சாயத்தை வேறு வேறு விதமாக வாங்கும், வரிசையில் நின்றால் பளிச்சென்று தெரியும். அங்கே எல்லோருக்கும் ஒரே துணிதான் சரி.

பேச்சோடு நிறுத்தாமல் ஒன்றைச் செய்து காட்டுங்கள். 60/40 துணியிலும் முழுப் பருத்தியிலும் இப்போதைய துணியிலும் அரை மீட்டர் வாங்கி, காய்ந்த எடையைக் குறித்துக்கொண்டு, துவைத்து, ஒரே மாதிரி பிழிந்து, எடை போட்டு, ராத்திரி ஒரே அறையில் தொங்கவிடுங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடி எடை பாருங்கள். துவைப்பதற்கு முன்பிருந்த எடைக்கு எது வந்திருக்கிறதோ அது காய்ந்தது. உங்கள் வீட்டில், உங்கள் மழையில் எடுத்த அந்த மூன்று எண்களைக் காட்டினால் தலைமையாசிரியைக்கும் முடிவெடுக்க எளிதாக இருக்கும். ஜனவரிக்குள் பேசி முடியுங்கள். அதற்குப் பிறகு கடைக்காரர் அடுத்த ஜூனுக்கான துணியை எடுத்துவிடுவார். ஏற்கெனவே தைத்தவர்கள் அதையே இன்னும் ஒரு வருடம் போடலாம் என்றும் கேட்டுவையுங்கள்.

மகளுக்கு இப்போதே செய்யக்கூடியது

கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். தையற்காரரிடம் கொடுத்து லைனிங்கைப் பிரித்தெடுங்கள், அரை மணி நேர வேலை. பினஃபோர் முன்பு போல விறைப்பாக விழாது, மற்றபடி வெளியே வித்தியாசம் தெரியாது. பக்கத் தையலில் துணி விட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தளர்த்தச் சொல்லுங்கள். பெல்ட்டுக்கு வகுப்பாசிரியையிடம் ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் விலக்குத் தருவார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் கழற்றி, குளிப்பாட்டி, ஈரம் ஒற்றி எடுத்து, தளர்வான உடை போடுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. பாலியஸ்டர் இழைக்கே ஒவ்வாமை வருவது மிக அரிது, ஆனால் கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களுக்குப் பாலியஸ்டரில் ஏற்றும் சில சாயங்கள் சிலருக்கு ஒவ்வாது. பருத்தியும் இதிலிருந்து தப்பவில்லை. கசங்காது என்று விற்கும் பருத்தியில் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின் பூச்சு இருக்கலாம், அதுவும் சிலருக்கு அரிப்பைத் தரும். அதனால் எந்தப் புதுத் துணியையும் இரண்டு தடவை அலசிவிட்டே தைக்கக் கொடுங்கள். பருத்தி அந்த அலசலிலேயே சுருங்கவேண்டியதில் பெரும்பகுதி சுருங்கிவிடும். இல்லையென்றால் 60 செ.மீ. சட்டை மூன்று செ.மீ. குட்டையாகிப் போகலாம்.

வேர்க்குரு என்றால் இரண்டு மூன்று நாள் விடுமுறையில் பொடிப்பொடியாகத் தானே அடங்கத் தொடங்கும். விடுமுறையிலும் அடங்காமல், லைனிங் இல்லாத துணி நேராக உரசும் அக்குளிலும் தொடையிலும் சிவந்து அரித்தால் சாயத்தைச் சந்தேகிக்கலாம். ஓரம் தடித்து, நடு தெளிந்து, வளையமாகப் பரவினால் பூஞ்சை. இந்த இரண்டுக்கும் தோல் மருத்துவரைப் பாருங்கள், பினஃபோரையும் கையில் கொண்டுபோங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தடவிவிடாதீர்கள், வளையத்தின் சிவப்பு ஒரு வாரம் மறையும், பூஞ்சை அடியில் பரவும்.